ஏழு இணைப்புகளுடன் ஒரு புகார்

நாட்காட்டித் தாள் ஒன்று குறைந்தால் அழகுமீனாவின் விரலுக்குத் தெரிந்துவிடும். முந்நூற்று அறுபத்தைந்து தாள் கொண்ட கட்டை இடது உள்ளங்கையில் வைத்து, வலது கட்டைவிரலால் ஒருமுறை சரசரவென்று விடுவார். "மே பதினேழு இல்லை" என்பார். இருக்காது.

சிவகாசி அச்சகம் ஒன்றின் பைண்டிங் பிரிவில் இருபத்திரண்டு வருடம் அவருக்கு இதுதான் வேலை. தினசரிக் காலண்டருக்கான தேதித் தாள்களை வரிசையாகச் சேர்ப்பது, சேர்த்ததைச் சரிபார்ப்பது. ஒரு வருடம் ஆகஸ்டில் இரண்டு தாள் இடம் மாறி, இரண்டாயிரம் கட்டுகள் கொல்லம் வரை போய்த் திரும்பி வந்தன. அது அவர் விடுப்பில் இருந்த வாரம். அதன் பிறகு அந்த அச்சகத்தில் அழகுமீனா பார்க்காமல் எந்த லோடும் ஏறியதில்லை.

நாற்பத்தாறு வயதில் முழங்கால் மடங்க மறுத்தது. காலையில் கம்பெனி வேனில் ஏறுவதே பாடாகிவிட்டது. கணவர் இறந்து ஆறு வருடம். ஒரே மகளைக் காரியாபட்டியில் கட்டிக் கொடுத்தாயிற்று. விஸ்வநத்தத்தில் ஒரு அறையும் ஒரு அடுப்படியுமாகச் சொந்த வீடு மட்டும் இருந்தது. அச்சகத்தின் சூப்பர்வைசர் பலவேசம் ஒரு வழி சொன்னார். பழைய பின் அடிக்கும் மெஷின் ஒன்று மூலையில் கிடக்கிறது, அரை குதிரைத்திறன் மோட்டார். அதை வீட்டில் போட்டுக்கொள்ளலாம், தாள்கட்டுகள் ஆட்டோவில் வரும், பின் அடித்துத் திருப்பி அனுப்பினால் போதும், மெஷினுக்கான விலையைக் கூலியில் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடித்துக்கொள்வார்கள். ஆடிப்பெருக்குக்குக் காலண்டர் மாதிரிகளின் புது ஆல்பம் வெளிவந்ததும் தொடங்கும் சீசன் டிசம்பர் கடைசி வரை நீளும். அந்த ஐந்து மாதச் சம்பாத்தியத்தில்தான் அழகுமீனா மீதி ஏழு மாதமும் சாப்பிட்டார்.

மெஷின் ஓடும்போது கதவையும் சன்னலையும் சாத்திவிடுவார். மின்விசிறி கிடையாது. காற்று வந்தால் தாள் பறக்கும். மின்மீட்டர் கதவுக்கு உள்பக்கம், மெஷினுக்கு எதிர்ச்சுவரில் இருந்தது.

போன டிசம்பர் மூன்றாம் தேதி மின்வாரியக் கணக்கெடுப்பவர் தெருவுக்கு வந்தார். கதவு சாத்தியிருந்தது. கூப்பிட்டிருக்கிறார். உள்ளே மெஷின் தடதடவென்று ஓடிக்கொண்டிருந்தது. தெருவே அந்த நேரம் பட்டாசு ஆலைகளுக்கும் தீப்பெட்டி ஆலைகளுக்கும் போயிருக்கும். பாதி வீடுகள் பூட்டித்தான் கிடக்கும். அவர் 'கதவு பூட்டு' என்று பதிந்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனார்.

அங்கிருந்து எல்லாம் தப்பாகவே போனது. டிசம்பருக்குச் சராசரியாக இருநூற்றைம்பது யூனிட் போட்டார்கள், அழகுமீனா கட்டினார். பிப்ரவரியில் மீட்டரைப் பார்த்து, நான்கு மாதத்துக்கான ஐந்நூற்றுப் பத்து யூனிட்டையும் இரண்டு மாதத்தில் எரித்ததாகப் பில் வந்தது. டிசம்பரில் கட்டியதைக் கழிக்கவில்லை. ஐந்நூறைத் தாண்டியதால் சலுகை விகிதமும் போயிற்று. அதையும் கட்டினார். ஏப்ரலில் 7,120 என்று இருந்த மீட்டரை 7,720 என்று பதிந்தார்கள். நாலாயிரத்து ஐந்நூறு ரூபாய். தோட்டை அடகு வைத்துக் கட்டினார். ஜூனில் வேறொருவர் வந்து மீட்டரைச் சரியாகவே பார்த்தார்: 7,295. போன முறை பதிந்ததைவிட இது குறைவாயிற்றே! மீட்டர் பின்னோக்கி ஓடாது, ஆகவே மீட்டர் பழுது என்று முடிவு கட்டி, முந்தைய இரண்டு தப்புகளின் சராசரியை எடுத்து அறுநூற்று நாற்பது யூனிட்டுக்குப் பில் போட்டார்கள்.

மூவாயிரத்து இருநூற்றைம்பது. ஜூன் இருபத்து மூன்றுக்குள் கட்டாவிட்டால் ஃபியூஸைப் பிடுங்குவார்கள். ஆகஸ்டில் சீசன். கரண்ட் இல்லாமல் மெஷின் இல்லை. மெஷின் இல்லாமல் அடுத்த வருடம் இல்லை.

புகார் எண்ணுக்கு மூன்று முறை போன் செய்தார். மூன்று முறையும் ஒரு பதிவு எண் கிடைத்தது. இரண்டு நாளில் 'புகார் தீர்க்கப்பட்டது' என்று மூன்று முறையும் குறுஞ்செய்தி வந்தது. பிரிவு அலுவலகத்தில் பணம் வாங்கும் சன்னலுக்குப் போனார்.

"மொதல்ல பணத்தைக் கட்டுங்க. தப்பா இருந்தா அடுத்த பில்லுல கழிஞ்சிரும்" என்றார் உள்ளே இருந்தவர்.

"போன தடவையும் இதத்தான் சொன்னீக."

"இந்தத் தடவையும் அதத்தான் சொல்லணும். எளுதிக் குடுத்தாப் பாப்பாக. அடுத்த ஆளு வாங்க."

எழுதிக் கொடுத்தால் பார்ப்பார்கள். அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு அழகுமீனா வீட்டுக்கு வந்தார்.

அவரிடம் ஆதாரம் இருந்தது. பிப்ரவரிப் பில் வந்த மறுநாளிலிருந்தே, காலையில் காலண்டரில் முந்தின நாளின் தாளைக் கிழிப்பார், மீட்டரைப் பார்ப்பார், எண்ணைத் தாளின் பின்பக்கம் எழுதிவைப்பார். ஒரு நாள் விடவில்லை. ஜூன் பதின்மூன்று வரை நூற்று முப்பது தாள்.

பக்கத்து வீட்டு வெள்ளைத்தாய் பட்டாசு ஆலையில் வேலை பார்ப்பவர். அன்று சாயங்காலம் வேன் இறக்கிவிட்டதும், தன் மின்கட்டண அட்டையின் நகலைக் கொடுக்க வந்தவர் தரையில் விரிந்து கிடந்த காகிதங்களைப் பார்த்து வாசலிலேயே நின்றுவிட்டார்.

"என்ன மதினி, கல்யாணப் பத்திரிகையா அடிக்கீக?"

"கரண்ட் ஆபீசுக்கு லெட்டரு. உக்காரு, படிக்கேன். விட்டுப்போயிருந்தாச் சொல்லு."

அழகுமீனா படித்தார்.

*பொருள்: கடந்த நான்கு கணக்கீடுகளிலும் தொடர்ந்து ஏற்பட்ட தவறுகளைத் திருத்தவும், கூடுதலாக வாங்கிய தொகையை வரவு வைக்கவும் வேண்டுதல் தொடர்பாக.*

*ஐயா, மேற்கண்ட மின் இணைப்பு என் பெயரில் உள்ளது. தவறுகள் நடந்த வரிசையிலேயே ஆதாரங்களை இணைத்துள்ளேன்.*

*இணைப்பு 1. வெள்ளை மின்கட்டண அட்டையின் நகல். சென்ற ஆகஸ்ட் 6,110. அக்டோபர் 6,440. இதுவரை தவறு இல்லை.*

*இணைப்பு 2. டிசம்பர் 3 அன்று என் வீடு பூட்டியிருந்ததாகப் பதிவு. அன்று நான் வீட்டில்தான் இருந்தேன். இரு பக்கத்து வீட்டு அட்டைகளிலும் அன்றைய தேதியில் கணக்கு எடுக்கப்பட்டுள்ளது. மெஷின் வேலையில் கதவைச் சாத்தியிருந்ததால் கூப்பிட்டது எனக்குக் கேட்கவில்லை.*

*இணைப்பு 3. பிப்ரவரி 3 பில்லும், டிசம்பரில் கட்டிய ரசீதும். நான்கு மாதத்தை இரண்டு மாதமாகக் கணக்கிட்டதும், கட்டியதைக் கழிக்காததும் இதில் தெரியும்.*

*இணைப்பு 4. ஏப்ரல் 3 பில். பதிந்தது 7,720.*

*இணைப்பு 5. அன்றாட மீட்டர் எண் எழுதிய நாட்காட்டித் தாள்கள் 130. ஏப்ரல் 2-ஆம் தேதித் தாளில் 7,118. 3-ஆம் தேதித் தாளில் 7,121. ஒரே பகலில் அறுநூறு யூனிட் எரிய வழியில்லை.*

*இணைப்பு 6. ஜூன் 3 அன்று எடுத்த மீட்டர் படம், 7,295. மீட்டர் பழுதில்லை.*

*இணைப்பு 7. முந்தைய இரண்டு வருட அட்டைப் பக்கங்கள். ஆகஸ்ட் முதல் டிசம்பர் வரை காலண்டருக்குப் பின் அடிக்கும் அரை குதிரைத்திறன் மெஷின் ஓடுவதால் இரண்டு மாதத்துக்கு 330 யூனிட் வரை ஆகும். மற்ற மாதங்களில் மெஷின் ஓடாது, 180-ஐத் தாண்டியதில்லை. ஆகவே கோடையில் 770 என்பது நடக்கவே முடியாதது.*

வெள்ளைத்தாய் கேட்டுக்கொண்டே வந்தார். கடைசிப் பத்தியில் முகத்தைச் சுளித்தார்.

"மதினி, இந்த மெசினு கத எதுக்கு? கரண்ட்காரன்கிட்ட எம்புட்டு கொறச்சுச் சொல்றமோ அம்புட்டும் நல்லது."

"அது இல்லாட்டி அக்டோபர்ல முந்நூத்து முப்பது ஏன், ஏப்ரல்ல நூத்து எழுவது ஏன்னு கேப்பாகல்லா?"

"கேட்டா வாயால சொல்லிக்கிடலாம்."

"ஒரு தாள் இல்லாட்டி கட்டு செல்லாதுட்டி" என்றார் அழகுமீனா.

நூற்று முப்பது தாளையும் தட்டிச் சமன் செய்து, மெஷின் மேல் போர்த்தியிருந்த சேலையை விலக்கி, சுவிட்சைப் போட்டார். இரண்டு பின், ஒரே நேர்கோட்டில், இம்மி பிசகாமல் இறங்கின.

மறுநாள் ஜூன் பதினான்கு. தபால் நிலையம் போய்ப் பதிவுத் தபாலில் ஒரு பிரதியைச் செயற்பொறியாளருக்கு அனுப்பி ரசீது வாங்கினார். பிறகு மூலப்பிரதியோடு பிரிவு அலுவலகம். உதவிப் பொறியாளர் ஜெபசுந்தர் புதிதாக மாற்றலாகி வந்தவர். இளவயது. நாற்காலியைக் காட்டினார்.

"உக்காருங்கம்மா. காலு முடியலையா? இருங்க, பாக்கேன்."

முதல் ஆறு இணைப்பையும் அவர் பொறுமையாகவே பார்த்தார். ஏப்ரல் பில்லையும் நாட்காட்டித் தாளையும் அடுத்தடுத்து வைத்தார். ஒன்றை ஏழாகப் பதிந்திருக்கிறார்கள் என்று ஒரு நொடியில் பிடித்துவிட்டார்.

"நாலு வருசமா இந்த வேலையில இருக்கேன். இப்பிடி ஒரு மனு பாத்ததில்ல. எங்க ஆளுக எளுதுற கோப்புகூட இப்பிடி இருக்காது."

அழகுமீனாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. அச்சகத்தில் இருபத்திரண்டு வருடத்தில் யாரும் அவரிடம் இப்படிச் சொன்னதில்லை.

"இந்தத் தாளையெல்லாம் எந்த பிரஸ்ல குடுத்துப் பின் அடிச்சீங்க? அளவெடுத்த மாதிரி இருக்கே."

"பிரஸ்ல இல்ல சார். நம்ம வீட்டு மெசினுதான். ஏழாவதுல வெவரமா எளுதியிருக்கேன், பாருங்க."

ஜெபசுந்தர் ஏழாவதைப் படித்தார். மறுபடி இரண்டாவதுக்குப் போனார். மறுபடி ஏழாவது. பேனாவைக் கீழே வைத்தார்.

"உங்க கனெக்‌ஷன் வீட்டு உபயோகத்துக்கு வாங்குனதும்மா."

"ஆமா சார். வீடுதான்."

"வீட்டு இணைப்புல தொழில் மெஷின் ஓட்டக்கூடாது. அது வேற இணைப்பு, வேற கட்டணம். இப்பிடி ஓட்டுனா அனுமதியில்லாத உபயோகம்னு சட்டத்துல இருக்கு. ரெண்டு மடங்கு போடணும்."

"தெருவுல நாலு வீட்ல ஓடுது சார்."

"இருக்கும். அவுக யாரும் எளுதிக் குடுக்கலையே."

அழகுமீனா மெதுவாகக் கேட்டார்: "அந்தப் பக்கத்த மட்டும் எடுத்துக்கிடட்டுமா சார்?"

ஜெபசுந்தர் கடிதத்தின் அடியில் 'நகல்' என்று எழுதியிருந்த வரியைப் பார்த்தார். "செயற்பொறியாளருக்கு அனுப்பிட்டீங்களா? இல்ல, பேருக்குப் போட்டிருக்கீங்களா?"

அழகுமீனா பையிலிருந்து ரசீதை எடுத்தார். பதிவுத் தபால். காலை பத்து மணி பன்னிரண்டு நிமிடம்.

"நான் படிக்காத மாதிரி இருந்திரலாம். மேல போனது அப்பிடி இருக்காதும்மா. ஆய்வு பண்ணி அறிக்கை குடுன்னு எனக்கே திரும்பி வரும்."

சொல்லிவிட்டு அவர் ஒரு காரியம் செய்தார். தாள்கட்டின் இரண்டு பின்னையும் நகத்தால் நெம்பிப் பிரித்து எடுத்தார். ஓரத்தில் துளையிட்டு, கோப்பு கட்டும் நூலைக் கோத்து முடிச்சுப் போட்டார். "ஜூன் மாசத்துல மெஷின் ஓடலைன்னு நீங்களே எளுதியிருக்கீங்க" என்றார். பின்கள் இரண்டும் மேசை மேல் கிடந்தன. வரும்போது அழகுமீனா அவற்றை எடுத்து வந்துவிட்டார். ஏனென்று அவருக்கே தெரியாது.

ஜூன் பில்லை விசாரணை முடியும் வரை நிறுத்திவைப்பதாக ஜெபசுந்தர் எழுதினார். ஃபியூஸ் தப்பியது.

ஜூலை இரண்டாம் வாரம் செயற்பொறியாளர் அலுவலகத்திலிருந்து கடிதம் பிரிவு அலுவலகத்துக்குத் திரும்பி வந்தது. ஏழாம் பத்திக்கு அடியில் சிவப்புக் கோடு. மூன்றாம் நாள் ஜெபசுந்தர் ஒரு போர்மேனோடு வீட்டுக்கு வந்தார். சேலையை விலக்கினார்கள். மோட்டாரில் பதித்திருந்த தகட்டைப் படித்தார்கள், படம் எடுத்தார்கள், ஆய்வுக் குறிப்பு எழுதினார்கள். அழகுமீனா கையெழுத்துப் போடுமுன் முழுவதையும் வாசித்தார். மோட்டாரின் எண்ணில் ஒரு இலக்கம் தப்பாக இருந்தது. சுட்டிக்காட்டினார். போர்மேன் அடித்துத் திருத்தினார்.

அவர்கள் போனதும் வெள்ளைத்தாய் வந்தார். அன்று ஆலைக்கு விடுமுறை.

"தப்பா எளுதுன நம்பரத் திருத்திவேற குடுத்தீகளாம்ல? நீங்கல்லாம் எந்தக் காலத்துல பொறந்தீக மதினி?"

"தப்புன்னு தெரிஞ்சு எப்பிடிக் கையெளுத்துப் போட?"

வெள்ளைத்தாய் அடுப்படிக்குப் போய்க் காப்பி போட்டுக் கொண்டுவந்து கொடுத்தார்.

முதல்கட்ட மதிப்பீட்டு ஆணை பதிவுத் தபாலில் வந்தது. பன்னிரண்டாயிரத்து அறுநூறு ரூபாய். எத்தனை நாள் ஓடியது என்று தெரியாவிட்டால் ஒரு வருடம் முழுமைக்கும் போடலாமாம். மெஷின் ஓடும் மாதங்களை நுகர்வோரே எழுத்தில் கொடுத்திருப்பதால் அந்தக் காலத்துக்கு மட்டும் என்று ஆணையில் இருந்தது. ஏழாவது இணைப்பு அவருக்குச் செய்த ஒரே நன்மை அதுதான். ஆட்சேபம் இருந்தால் ஏழு நாளுக்குள் ஆதாரத்துடன் எழுதலாம்.

அழகுமீனா கோடு போட்ட தாளை எடுத்து வைத்தார். அனுப்புநர், பெறுநர், பொருள் என்று எழுதினார். *ஐயா* என்று எழுதினார். மெஷின் ஓடியது உண்மை. மாதம் உண்மை. மோட்டார் எண்கூட இப்போது சரி. அடுத்து எழுத ஒரு வரி கிடைக்கவில்லை. ஆறு நாள் அந்தத் தாள் மீட்டருக்குக் கீழே அப்படியே இருந்தது. ஏழாம் நாள் மடித்து வைத்துவிட்டார்.

மெஷினுக்குத் தனி இணைப்பு வாங்கலாமா என்று ஒருமுறை போய்க் கேட்டார். ஒரே வீட்டில் இரண்டாவது இணைப்பு என்றால் தனி அறை, தனி வாசல் காட்ட வேண்டும் என்றார் ஜெபசுந்தர். இவருக்கு இருப்பது ஒரு அறை. வீட்டு இணைப்பையே தொழிலுக்கு மாற்றினால், அடுப்படி விளக்கு வரை வருடம் முழுவதும் அந்தக் கட்டணம்.

அதே வாரத்தில் இன்னொரு உத்தரவும் வந்தது. அழகுமீனாவின் புகாரில் கண்ட நான்கு தவறுகளும் உண்மை, ஏப்ரல் அளவீடு திருத்தப்படுகிறது, மீட்டர் பழுதில்லை, ஜூன் பில் ரத்து, பழைய தவறுகளில் கூடுதலாக வாங்கிய ஐயாயிரத்து நூறு ரூபாய் வரவு வைக்கப்படுகிறது. ஒன்று விடாமல் எல்லாம் அவர் சொன்னபடியே. வரவை அபராதத்தில் கழித்துக்கொண்டு, மீதி ஏழாயிரத்து ஐந்நூறை மூன்று தவணையில் கட்ட ஜெபசுந்தர் சிபாரிசு செய்திருந்தார்.

மகள் காரியாபட்டியிலிருந்து போனில் கேட்டாள்: "அப்ப ஜெயிச்சிட்டியாம்மா?"

"ஆமா" என்றார் அழகுமீனா. "சாப்பிட்டீகளா எல்லாரும்?"

ஆடிப்பெருக்குக்கு நான்கு நாள் முன்பு பலவேசம் லோடு ஆட்டோவோடு வந்தார். இரண்டு பேர் மெஷினைத் தூக்கினார்கள். தரையில் அதன் நான்கு கால் இருந்த இடம் மட்டும் வெளுப்பாகத் தெரிந்தது.

"கோவிச்சுக்கிடாத தங்கச்சி. ஆர்டர் கை நெறைய இருக்கு. மொதலாளி, மெசினு சும்மா கெடக்கக் கூடாதுங்காரு. நீ கட்டுன பணத்த கணக்குப் பாத்துத் தந்திருதேன்."

"எந்த வீட்டுக்கு அண்ணாச்சி போகுது?"

"மேலத் தெருவுல ஒரு பிள்ள. வீட்டு லைன்தான்." அவர் சிரிக்கலாமா வேண்டாமா என்று யோசித்துவிட்டுச் சொன்னார்: "அங்கன மீட்டரு வாசல்ல இருக்கு. அந்தப் பிள்ளைக்கு எளுதவும் தெரியாது."

"எண்ணெய் விடச் சொல்லுங்க" என்றார் அழகுமீனா. "இடது பக்கம் ரெண்டு சொட்டு. இல்லாட்டி பின்னு கோணும்."

மெஷின் போன மறுநாளே அவருக்கு இந்த சீசனுக்கான கை வேலை வந்தது. காலண்டர் அட்டையில் பசை தடவித் தேதிக்கட்டை ஒட்ட வேண்டும். நூறு அட்டைக்கு இவ்வளவு என்று கூலி. மெஷினில் கிடைத்ததில் மூன்றில் ஒரு பங்குகூட வராது. தரையில் உட்கார முடியாமல், கட்டிலில் பலகை போட்டு ஒட்டுகிறார். தோடு அடகிலேயே இருக்கிறது.

பசை காயக் காற்று வேண்டும் என்பதால் இப்போது கதவு திறந்தே இருக்கிறது. ஆகஸ்ட் மூன்றாம் தேதி கணக்கெடுப்பவர் வந்தார். டிசம்பரில் வந்த அதே ஆள்தான். வாசலில் நின்று கூப்பிட வேண்டியிருக்கவில்லை. நேரே உள்ளே வந்து, மீட்டரைப் பார்த்து, அட்டையில் எழுதிக் கொடுத்தார்.

அழகுமீனா காலண்டரின் பின்னால் செருகியிருந்த ஆகஸ்ட் இரண்டாம் தேதித் தாளை எடுத்து ஒப்பிட்டார். 7,455. போன முறை எண்ணைவிட நூற்று அறுபது யூனிட் கூட.

"சரியா இருக்காக்கா?" என்று கேட்டார் வந்தவர்.

"சரியா இருக்கு" என்றார் அழகுமீனா.